நான்கு பெட்டி அட்டவணை: மேலிருந்து கீழா, இடமிருந்து வலமா?

பொது சுகாதாரப் பயிற்சியில் தரும் கையேட்டில் ஒரு பரிசோதனையைப் பற்றிய பக்கம் வந்தால், அதில் இரண்டுக்கு இரண்டு அட்டவணை ஒன்று இருக்கும். நான்கு எண்கள், ஓரத்தில் கூட்டுத்தொகை, அடியில் இரண்டு சதவீதங்கள். படிக்கிறவர்கள் அந்த இரண்டு சதவீதங்களைக் குறித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். இந்த அத்தியாயத்தில் சதவீதங்களைக் கையால் மறைத்துவிட்டு நான்கு எண்களில் இருந்து தொடங்குவோம். சென்சிட்டிவிட்டி என்று கையேடுகளில் வருவதை இங்கே உணர்திறன் என்றும், ஸ்பெசிஃபிசிட்டி என்று வருவதைக் குறித்தன்மை என்றும் எழுதுகிறேன்.

எடுத்துக்கொள்ளும் அட்டவணை உண்மையானது. காசநோயைக் கண்டுபிடிக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனை, நம் அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்று சொல்கிறார்களே அதுதான், பெரிய அளவில் சோதிக்கப்பட்ட ஆய்வில் இருந்து வருகிறது. 2010-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. லிமா, பாகு, கேப் டவுன், டர்பன், மும்பை ஆகிய ஊர்களில் காசநோய் இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகித்தவர்களின் சளியை எடுத்து, ஒரு பக்கம் இந்தக் கருவியிலும் மறுபக்கம் கல்ச்சரிலும் போட்டுப் பார்த்தார்கள். கல்ச்சரில் கிருமி வளர்ந்தால் நோய் உண்டு என்று வைத்துக்கொண்டார்கள். கருவி இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும், கல்ச்சருக்கோ வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு முறை சளியை நேரடியாகக் கருவியில் போட்டபோது கிடைத்த எண்கள் இவை:

| | நோய் உண்டு | நோய் இல்லை | கூட்டுத்தொகை |
|---|---|---|---|
| கருவி பாசிட்டிவ் | 675 | 5 | 680 |
| கருவி நெகட்டிவ் | 57 | 604 | 661 |
| கூட்டுத்தொகை | 732 | 609 | 1,341 |

பத்தியை மட்டும் பாருங்கள்

ஒரு ஸ்கேலை எடுத்து ‘நோய் இல்லை’ என்ற பத்தியையும் கடைசிப் பத்தியையும் மறைத்துவிடுங்கள். மிஞ்சுவது 675, 57, 732. இந்த 732 பேருக்கும் காசநோய் உண்டு, அது கல்ச்சர் சொன்னது. அவர்களில் எத்தனை பேரைக் கருவி பிடித்தது? 675 ÷ 732 = 92.2%. இதுதான் உணர்திறன். விட்டுப்போனவர்கள் 57 பேர்.

இப்போது ஸ்கேலை இடப்பக்கம் நகர்த்தி, ‘நோய் இல்லை’ பத்தியை மட்டும் திறந்து வையுங்கள். 5, 604, 609. நோய் இல்லாத இந்த 609 பேரில் 604 பேருக்கு இல்லை என்றே கருவி சொன்னது. 604 ÷ 609 = 99.2%. இது குறித்தன்மை. ஐந்து பேருக்கு மட்டும், இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிட்டது.

கணக்கு அவ்வளவுதான். ஆனால் ஸ்கேல் வைத்து மறைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உணர்திறனைக் கணக்கிடும்போது நோய் இல்லாதவர்கள் கண்ணிலேயே படக்கூடாது. அந்த 609 பேர் ஆய்வுக்கு வராமலே இருந்திருந்தாலும் 92.2 மாறியிருக்காது. அதேபோல நோயாளிகள் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் 99.2 அப்படியே நின்றிருக்கும். இரண்டும் இரண்டு தனித்தனிக் கூட்டத்தாரைப் பற்றிய செய்திகள், ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன.

தப்பான விடை சரியானது போலவே இருக்கும்

பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி நடப்பது, பத்திக்குப் பதிலாக வரிசையை வைத்து வகுப்பது. பாசிட்டிவ் என்று வந்தவர்கள் 680, அவர்களில் நோயாளிகள் 675, ஆகவே உணர்திறன் 99.3% என்று எழுதிவிடுவார்கள். நெகட்டிவ் வரிசையில் 604 ÷ 661 = 91.4%, அதைக் குறித்தன்மை என்பார்கள். விடை 200% என்றோ 4% என்றோ வந்திருந்தால் உடனே சந்தேகம் வரும். இங்கே 99.3, 91.4 என்று வருகிறது. சரியான விடைகள் 92.2, 99.2. ஏறக்குறைய அதே எண்கள்தான் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. யாருக்கும் உறுத்தாது.

கையேட்டை அச்சடித்தவர் அட்டவணையைத் திருப்பிப் போட்டிருந்தால் குழப்பம் இன்னும் கூடும். சில புத்தகங்களில் நோய் மேலே பத்தியாகவும், சிலவற்றில் இடப்பக்கம் வரிசையாகவும் வரும். ஆகவே ‘பத்தி’ என்று மனப்பாடம் செய்யாதீர்கள். முதலில் தேட வேண்டியது, உண்மை எது என்று தீர்மானித்த பரிசோதனை எந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது என்பதை. நம் அட்டவணையில் அது கல்ச்சர். அது எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையின் கூட்டுத்தொகையால்தான் வகுக்க வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு சோதனை உண்டு. நோய் இல்லாதவர்களைப் பத்து மடங்கு ஆக்கிப் பாருங்கள்: 5 என்பது 50, 604 என்பது 6,040. பத்து மடங்கு ஆரோக்கியமானவர்களைக் கூட்டி வந்ததால் கருவியின் குணம் மாறிவிடாது அல்லவா? 6,040 ÷ 6,090, இப்போதும் 99.2%. உணர்திறனும் அசையவில்லை. ஆனால் வரிசையில் போட்ட கணக்கு அசைகிறது. பாசிட்டிவ் வந்தவர்கள் 725, அவர்களில் நோயாளிகள் 675, அதாவது 93.1%. சற்று முன் அது 99.3. யாரைக் கூட்டி வந்தோம் என்பதைப் பொறுத்து எந்த எண் ஆடுகிறதோ, அது உணர்திறனும் அல்ல, குறித்தன்மையும் அல்ல.

அப்படியானால் வரிசைக்கு வேலை இல்லையா?

உண்டு. நோயாளியின் கேள்வியே வரிசையில்தான் இருக்கிறது. “டாக்டர், பாசிட்டிவ்னு வந்துருக்கே, எனக்கு டி.பி.தானா?” என்று கேட்பவரிடம் 92 என்று சொல்லிப் பயனில்லை. நோய் இருந்தால் பாசிட்டிவ் வருமா என்பதற்கான பதில் அது. அவர் கேட்பது பாசிட்டிவ் வந்திருக்கிறதே, நோய் இருக்கிறதா என்று. அதற்குப் பாசிட்டிவ் வரிசையை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். இந்த ஆய்வில் 680-க்கு 675. லிமாவிலோ மும்பையிலோ அந்த ஆய்வுக்கு வந்து பாசிட்டிவ் ஆனவரிடம் மருத்துவர் தயங்காமல் ஆமாம் என்று சொல்லலாம்.

ஆனால் அந்த 99.3-ஐ வேறு எங்கும் எடுத்துப்போக முடியாது. அட்டவணையில் உள்ள 1,341 பேரில் 732 பேர் நோயாளிகள், பாதிக்கு மேல். நாள்பட்ட இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம் என்று வந்து மருத்துவரே சந்தேகப்பட்டு அனுப்பியவர்கள். ஊருக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, வருகிறவர்கள் எல்லோரிடமும் சளி வாங்கினால் அந்த விகிதம் கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் பெரியவர்கள், அவர்களில் 300 பேருக்கு நுரையீரல் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்கிற எண்தான் என்றாலும், இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் காட்டிய அளவுக்கு அருகில்தான் இருக்கிறது. அதே கருவி, அதே 92%, அதே 99.2%. 300 பேரில் 276 பேரைக் கருவி பிடிக்கும். 24 பேர் விட்டுப்போவார்கள். நோய் இல்லாத 99,700 பேரில் 0.8% பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும், சுமார் 798 பேர்.

| | நோய் உண்டு | நோய் இல்லை | கூட்டுத்தொகை |
|---|---|---|---|
| கருவி பாசிட்டிவ் | 276 | 798 | 1,074 |
| கருவி நெகட்டிவ் | 24 | 98,902 | 98,926 |
| கூட்டுத்தொகை | 300 | 99,700 | 1,00,000 |

பாசிட்டிவ் வரிசையைப் படியுங்கள். 1,074 பேரில் 276 பேருக்குத்தான் நோய். கிட்டத்தட்ட நான்கு பேருக்கு ஒருவர். கருவி ஒன்று, உணர்திறனும் குறித்தன்மையும் ஒன்று, ஆனால் “எனக்கு டி.பி.தானா?” என்பதற்கான பதில் 99-ல் இருந்து 26-க்கு இறங்கிவிட்டது. குறித்தன்மை 99% என்ற வரியைக் கையேட்டில் படித்தவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். அந்த 0.8% சிறியதுதான். அது பெருகி நிற்பது 99,700 என்ற பெரிய எண்ணோடு, 92% பெருகி நிற்பதோ வெறும் 300 என்ற எண்ணோடு.

நெகட்டிவ் வரிசை இதற்கு நேர்மாறு. 98,926 பேரில் 24 பேருக்குத்தான் நோய். முகாமில் நெகட்டிவ் வந்தவரை நம்பிக்கையோடு அனுப்பலாம். இந்த நம்பிக்கையைத் தருவதில் கருவியின் பங்கு கொஞ்சம்தான். பரிசோதனையே செய்யாமல் அனுப்பியிருந்தாலும் ஆயிரத்தில் மூன்று பேருக்கு மட்டுமே நோய் இருந்திருக்கும்.

இதே காரணத்தால்தான் ‘துல்லியம்’ என்ற மூன்றாவது சதவீதத்தை நான் மதிப்பதில்லை. சில கையேடுகள் சரியாக விழுந்த இரண்டு பெட்டிகளையும் கூட்டி மொத்தத்தால் வகுத்து அதைக் கொட்டை எழுத்தில் போடுகின்றன. நம் முதல் அட்டவணையில் அது 1,279 ÷ 1,341 = 95.4%. லட்சம் பேர் கூடிய முகாமில், சளியே வாங்காமல் எல்லோருக்கும் நெகட்டிவ் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாலும் 99.7% துல்லியம் வந்துவிடும். ஒரு நோயாளியைக்கூடக் கண்டுபிடிக்காத துல்லியம்.

‘தவறான பாசிட்டிவ் 1 சதவீதம்’: யாரில்?

கையேட்டில் அட்டவணை இல்லாமல் வாக்கியம் மட்டும் இருந்தால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ‘தவறான பாசிட்டிவ் 1 சதவீதத்துக்கும் குறைவு’ என்று எழுதியிருக்கிறது. யாரில் 1 சதவீதம்? நோய் இல்லாதவர்களிலா, பாசிட்டிவ் வந்தவர்களிலா? முதல் அட்டவணையில் 5 ÷ 609 என்று வகுத்தால் 0.8%, 5 ÷ 680 என்று வகுத்தால் 0.7%. இரண்டும் ஒன்றுக்குக் கீழே, வாக்கியம் எப்படியும் சரி. முகாம் அட்டவணையில் முதல் கணக்கு அதே 0.8%. இரண்டாவது, 798 ÷ 1,074, அது 74%. ஒரே சொற்றொடருக்கு இரண்டு அர்த்தம், நடுவே ஏறக்குறைய நூறு மடங்கு வித்தியாசம். இப்படி ஒரு வாக்கியத்தைக் கண்டால் ‘யாரில்’ என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்து, எழுதியவரிடமே கேளுங்கள். நீங்கள் எழுதும்போது “நோய் இல்லாத 1,000 பேரில் 8 பேருக்கு” என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

பத்திக்கு உள்ளே யார் இருக்கிறார்கள்?

நோயாளிகளின் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் உணர்திறன் மாறாது என்று மேலே காட்டினேன். பாடப்புத்தகங்களும் அங்கேயே நிறுத்திக்கொள்கின்றன. அது பாதி உண்மை. எண்ணிக்கை மாறினால் மாறாது, ஆனால் ஆட்கள் மாறினால் மாறும்.

அந்த 732 பேரை இரண்டாகப் பிரித்தே ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். 561 பேருக்கு, சளியை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே கிருமி தெரிந்தது. சளியில் கிருமி மிகுதி என்று பொருள். அவர்களில் 551 பேரைக் கருவி பிடித்தது, 98.2%. மீதி 171 பேருக்கு ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை, கல்ச்சரில்தான் வளர்ந்தது. அவர்களில் பிடித்தது 124 பேரை, 72.5%. விட்டுப்போன 57 பேரில் 47 பேர் இந்தப் பிரிவினர்.

ஆகவே 92.2 என்ற உணர்திறன் எந்த ஒரு நோயாளிக்கும் உரியது அல்ல. 98-ஐயும் 72-ஐயும் அந்த ஆய்வுக்கு வந்தவர்களின் கலவையில் கலந்தால் கிடைப்பது 92. அந்தக் கலவையில் ஸ்லைடு பாசிட்டிவ் ஆனவர்கள் நான்கில் மூன்று பங்குக்கும் மேல். வீடு வீடாகத் தேடிப்போகும்போது கிடைப்பவர்கள் நோயின் தொடக்கத்தில் இருப்பவர்கள், இருமலே இல்லாதவர்கள்கூட உண்டு. அங்கே 100 நோயாளிகளில் 30 பேர் மட்டும் ஸ்லைடு பாசிட்டிவ் என்று வைத்தால், முப்பதில் 29 பேரும் எழுபதில் 51 பேரும் பிடிபடுவார்கள். உணர்திறன் 80%.

72.5 என்பதும் கல்வெட்டு அல்ல. 2018-ல் ‘லான்செட் தொற்றுநோய்கள்’ இதழில் பல நாடுகளில் நடந்த இன்னொரு ஆய்வு வந்தது. அதில் அதே எக்ஸ்பெர்ட் பரிசோதனை, ஸ்லைடு நெகட்டிவ் ஆன நோயாளிகளில் 46% பேரை மட்டுமே பிடித்தது. ஆய்வுகள் இரண்டும் நேர்மையானவை, பத்திக்குள் வந்து உட்கார்ந்த ஆட்கள்தான் வேறு. கையேட்டில் உணர்திறன் ஒரே எண்ணாக இருந்தால், அட்டவணைக்கு அடியில் எந்த மாதிரியான நோயாளிகள், எங்கே சேர்க்கப்பட்டார்கள் என்ற வரியைத் தேடுங்கள். பெரிய மருத்துவமனையில் படுத்திருப்பவர்களை வைத்துக் கணக்கிட்ட எண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அப்படியே எடுத்துவரக்கூடாது.

முதலில் எக்ஸ்ரே எடுத்தால்

முகாமில் நான்குக்கு மூன்று பாசிட்டிவ் பொய்யாகிறது என்றால் என்ன செய்வது? குறித்தன்மையைக் கூட்ட நம்மால் முடியாது, அது கருவியின் குணம். கருவிக்கு முன்னால் யாரை நிறுத்துகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. எல்லோருக்கும் முதலில் மார்பு எக்ஸ்ரே எடுத்து, படத்தில் சந்தேகம் உள்ளவர்களிடம் மட்டும் சளி வாங்குவது அதற்காகத்தான்.

அதே லட்சம் பேர், அதே 300 நோயாளிகள். எக்ஸ்ரே 5,000 பேரைச் சந்தேகப் பட்டியலில் போடுகிறது, அவர்களில் நோயாளிகள் 240 பேர் என்று வைப்போம். இந்த இரண்டும் கணக்குக்கான எண்கள். உணர்திறனை முகாமுக்கு ஏற்ற 80% என்று எடுத்தால் 240 பேரில் 192 பேர் பிடிபடுவார்கள். நோய் இல்லாத 4,760 பேரில் 0.8% என்றால் 38 பேருக்குப் பொய்யான பாசிட்டிவ். மொத்தப் பாசிட்டிவ் 230, அதில் 192 உண்மை, அதாவது 83%. கருவியில் போடும் கார்ட்ரிட்ஜும் லட்சத்துக்குப் பதில் 5,000 போதும்.

இதற்கான விலை நெகட்டிவ் பக்கத்தில் இருக்கிறது. எக்ஸ்ரே விட்ட 60 பேர், பிறகு கருவி விட்ட 48 பேர், ஆக 108 நோயாளிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எக்ஸ்ரே இல்லாமல் எல்லோருக்கும் சளிப் பரிசோதனை செய்திருந்தால், அதே 80% கணக்கில் 60 பேர்தான் விட்டுப்போயிருப்பார்கள். இரண்டு சல்லடை வைத்தால் குப்பையும் குறையும், தானியமும் குறையும்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. 99.2 என்ற குறித்தன்மையை அந்த 4,760 பேருக்கும் அப்படியே போட்டேன். அவர்கள் யார்? எக்ஸ்ரேயில் நிழல் விழுந்தும் காசநோய் இல்லாதவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் முன்பு காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர்கள். நுரையீரலில் பழைய தழும்பு இருப்பதால் எக்ஸ்ரே அவர்களைப் பிடிக்கிறது. கருவியோ கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடுகிறது. செத்த கிருமியின் டி.என்.ஏ. சளியில் மிச்சம் இருந்தாலும் பாசிட்டிவ் என்று சொல்லிவிடும். எக்ஸ்ரேயும் கருவியும் ஒரே ஆளிடம் ஏமாறுகின்றன. அதனால் இந்தக் கூட்டத்தில் குறித்தன்மை 97%-க்கு இறங்குவதாக வைத்துப் பாருங்கள்: பொய்யான பாசிட்டிவ் 38-க்குப் பதில் 143. பாசிட்டிவ் வந்தவர்களில் உண்மை 83%-ல் இருந்து 57% ஆகிவிடும்.

களத்தில் இதை அறிய எளிய வழி உண்டு. பாசிட்டிவ் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுக்கு முன்னாடி டி.பி. மாத்திரை சாப்ட்ருக்கீங்களா, எப்போ?” என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஆமாம் என்பவர்களைத் தனியாகப் பிரித்துக் கல்ச்சருக்கு அனுப்புங்கள். அவர்கள் பட்டியலில் அதிகம் இருந்தால் கையேட்டுக் குறித்தன்மை உங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அட்டவணைக்கு வெளியே நின்றவர்கள்

நான்கு பெட்டிகள் என்றால் எல்லோரும் ஏதோ ஒரு பெட்டியில் விழுந்தாக வேண்டும். உண்மையில் அப்படி விழுவதில்லை. 2010 ஆய்வில் 105 பேருக்குக் கல்ச்சரில் கிருமி வளரவில்லை, ஆனால் அறிகுறிகளையும் சிகிச்சைக்குக் கிடைத்த பலனையும் வைத்துக் காசநோய் என்றே தீர்மானித்தார்கள். அவர்கள் எந்தப் பத்தி? நோய் உண்டு என்றால் கல்ச்சர் ஒத்துக்கொள்ளவில்லை, இல்லை என்றால் மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆய்வாளர்கள் அவர்களைத் தனிப் பிரிவாக வைத்துவிட்டார்கள். அதனால்தான் 732-லும் அவர்கள் இல்லை, 609-லும் இல்லை. ஒளிவுமறைவு ஏதும் இல்லை, கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கட்டுரையில் இருந்து கையேட்டுக்கு அட்டவணை இறங்கும்போது அந்த வரி உதிர்ந்துவிடும். கண்டுபிடிக்கக் கடினமானவர்கள் கணக்கில் வராததால், கருவி சற்று கெட்டிக்காரத்தனமாகத் தெரியும்.

நடுவில் நிற்கும் விடை இன்னொரு தொல்லை. எக்ஸ்பெர்ட்டுக்கு அடுத்து வந்த அல்ட்ரா என்ற கார்ட்ரிட்ஜ், பாசிட்டிவ், நெகட்டிவ் தவிர ‘ட்ரேஸ்’ என்றும் ஒரு விடை தரும். மிகமிகக் குறைவாகக் கிருமியின் தடயம் இருக்கிறது என்று அர்த்தம். அட்டவணையில் இரண்டு வரிசைதான். ட்ரேஸைப் பாசிட்டிவில் சேர்த்தால் உணர்திறன் ஏறும், குறித்தன்மை இறங்கும். நெகட்டிவில் சேர்த்தால் அப்படியே தலைகீழ். மேலே சொன்ன 2018 ஆய்வில் பழைய எக்ஸ்பெர்ட்டின் உணர்திறன் 83%, குறித்தன்மை 98%, அல்ட்ராவுக்கு 88%, 96%. நுண்ணிய தடயத்தையும் பிடிக்கும்படி கருவியைக் கூர்மையாக்கினால், குணமானவர்களின் பழைய தடயமும் சேர்ந்தே மாட்டும். இரண்டு கையேடுகள் ஒரே பரிசோதனைக்கு வெவ்வேறு எண்களைக் கொடுத்தால், ட்ரேஸை யார் எந்த வரிசையில் போட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

அந்த ஐந்து பேர்

கடைசியாக முதல் அட்டவணையின் மிகச் சிறிய பெட்டிக்கு வருவோம். முகாம் கணக்கில் 798 பேர் என்று எழுதியது முழுக்க இந்த ஐந்து பேரை நம்பித்தான். அன்று இன்னும் மூன்று பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வந்திருந்தால் 5 என்பது 8 ஆகியிருக்கும், குறித்தன்மை 98.7%. கையேட்டைப் படிப்பவருக்கு 99.2-ம் 98.7-ம் ஒன்றுதான். முகாமில் அது சுமார் 1,300 பேர்.

அதனால்தான் ஆய்வுக் கட்டுரைகளில் சதவீதத்துக்குப் பக்கத்தில் ஒரு வீச்சும் அச்சாகும். 609-க்கு 604 என்பதற்கு 95% நம்பிக்கை வீச்சு ஏறக்குறைய 98.1 முதல் 99.6 வரை. லட்சம் பேர் முகாமில் இதைப் போட்டால், பொய்யான பாசிட்டிவ் 400 பேராகவும் இருக்கலாம், 1,900 பேராகவும் இருக்கலாம். எத்தனை பேருக்கு மறுபரிசோதனை ஏற்பாடு செய்ய வேண்டும், எத்தனை கல்ச்சர் குப்பிகள் வாங்க வேண்டும் என்று திட்டமிடுகிறவருக்கு 798 என்ற ஒற்றை எண்ணை விட இந்த இரண்டு முனைகளே உதவும்.

கையேட்டில் வீச்சு இல்லையென்றால், தவறுப் பெட்டியில் உள்ள எண்ணை நேராகப் பாருங்கள். அது பத்துக்குக் கீழே இருந்தால், சதவீதத்தின் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கத்தை நம்ப வேண்டாம். பெட்டியில் பூஜ்யம் இருந்து, அடியில் ‘குறித்தன்மை 100%’ என்று போட்டிருந்தால் ஒரு குறுக்குக் கணக்கு இருக்கிறது: 3-ஐ அந்தப் பத்தியின் கூட்டுத்தொகையால் வகுத்தால், தவறு அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று தோராயமாகத் தெரியும். நோய் இல்லாத 50 பேரை மட்டும் சோதித்து ஒருவருக்கும் தவறாக வரவில்லை என்றால் 3 ÷ 50 = 6%. நூறு என்று அச்சாகியிருப்பது 94 ஆகவும் இருக்கக்கூடும். அந்தக் கருவியை நம் லட்சம் பேர் முகாமுக்குக் கொண்டுபோனால், பொய்யான பாசிட்டிவோடு வரிசையில் நிற்பவர்கள் ஏறக்குறைய 6,000 பேர் வரை போகலாம்.